638 பெட்டி, 701 கணக்கு: பொருள் பெயரில் இருந்த நட்சத்திரக் குறி

ஓசூர் ராயக்கோட்டை சாலையில் நட், போல்ட், வாஷர் மொத்த விற்பனை செய்யும் ஒரு கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். சிப்காட்டைச் சுற்றியுள்ள லேத் பட்டறைகளும் ஃபேப்ரிகேஷன் ஷெட்களும்தான் கடைக்கு வாடிக்கை. ஒவ்வொரு வருடமும் மார்ச் 31 அன்று கிடங்கில் இருப்பு எடுப்போம். இந்த ஆய்வு அப்படி எடுத்த ஓர் இருப்பைப் பற்றியது. பெட்டிகளை எண்ணியதில் ஒரு தவறும் இல்லை. எக்செலில் எழுதிய சூத்திரத்திலும் எழுத்துப்பிழை இல்லை. இருந்தும் கணக்கு 63 பெட்டி கூடுதலாக வந்தது.

இருப்பு எடுக்கும் முறை எளிமையானது. கிடங்கில் இருக்கும் தம்பி ஒவ்வொரு அடுக்காகப் போய், ஒரு பெட்டிக்கு ஒரு வரி என்று லேப்டாப்பில் தட்டச்சு செய்துகொண்டே வருவார். அந்தத் தாளுக்கு `Box` என்று பெயர். அதில் 2-ஆம் வரியிலிருந்து 639-ஆம் வரி வரை 638 பெட்டிகள். நான் வேறொரு தாளில் 84 பொருள்களின் பெயரை A நெடுவரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, B நெடுவரிசையில் இதைப் போட்டேன்:

```
=COUNTIF(Box!A$2:A$639,A2)
```

பெயர் எத்தனை முறை வருகிறதோ, அத்தனை பெட்டி. வருடக்கணக்காக இதையேதான் போட்டு வந்தேன். கீழே இழுத்தேன், அச்செடுத்தேன், கடைக்கார அண்ணனிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டாவது பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். "லேபிள் அழிஞ்சுபோன நட் பெட்டி ரெண்டுதானே இருக்கு. 22-ன்னு போட்டிருக்கீங்க?"

அவர் காட்டிய வரியில் பொருளின் பெயர் `நட் M1?` என்று இருந்தது. மழைத் தண்ணீர் பட்டு இரண்டு பெட்டிகளின் லேபிளில் கடைசி இலக்கம் அழிந்திருந்தது. M10-ஆ, M12-ஆ, M16-ஆ என்று தெரியாததால், தம்பி தெரிந்தவரை எழுதி, தெரியாத இடத்தில் கேள்விக்குறி வைத்திருந்தார். மனிதன் செய்யக்கூடிய நேர்மையான வேலை அதுதான். எக்செல் அந்தக் கேள்விக்குறியை வேறு மாதிரி வாசித்தது.

முதலில் பெட்டிகளைத்தான் சந்தேகப்பட்டோம். தம்பி திரும்பவும் கிடங்குக்குப் போய்ப் பார்த்தார். இரண்டேதான். அப்புறம் `Box` தாளில் வடிகட்டி போட்டுப் பார்த்தேன். பட்டியலில் அந்தப் பெயரை மட்டும் டிக் செய்தால் இரண்டு வரிதான் வந்தது. தாளில் இரண்டு, சூத்திரத்தில் 22. அப்போதுதான் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கத் தோன்றியது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

```
=SUM(B2:B85)
=COUNTA(Box!A2:A639)
```

மேலே உள்ளது 701 என்றது, கீழே உள்ளது 638 என்றது. ஒரு பெட்டிக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஒரு பெயர் என்றால் இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். சில பெட்டிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எண்ணப்பட்டு, 63 கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது.

என்ன நடந்தது என்பதற்கு வருவோம். `COUNTIF`-இன் இரண்டாவது இடத்தில் நாம் கொடுக்கும் எழுத்தை எக்செல் பெயராக எடுத்துக்கொள்வதில்லை, நிபந்தனையாக எடுத்துக்கொள்கிறது. அந்த நிபந்தனையில் மூன்று குறிகளுக்குத் தனி அர்த்தம் உண்டு. `?` என்றால் "இங்கே ஏதாவது ஒரே ஒரு எழுத்து". `*` என்றால் "இங்கே எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்". `~` என்றால் "அடுத்து வரும் குறியை வெறும் குறியாக மட்டும் பார்". நிபந்தனையை நேரடியாகத் தட்டச்சு செய்தாலும், A2 போன்ற ஒரு கட்டத்திலிருந்து எடுத்தாலும் இதே விதிதான். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். மேற்கோள் குறிக்குள் நாமே நட்சத்திரம் போட்டால்தான் அது வேலை செய்யும் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஆகவே `நட் M1?` என்ற நிபந்தனைக்கு `நட் M10` பொருந்துகிறது, `நட் M12` பொருந்துகிறது, `நட் M16`-உம் பொருந்துகிறது. கிடங்கில் அவை முறையே 7, 9, 4 பெட்டிகள். கூட அந்த அழிந்த லேபிள் பெட்டிகள் 2. மொத்தம் 22. தம்பி "இது மூன்றில் ஏதோ ஒன்று" என்ற பொருளில் எழுதினார். எக்செல் "இவை மூன்றும்" என்று எண்ணிவிட்டது.

ஆனால் மீதி 43 பெட்டி? அங்கே கேள்விக்குறி இல்லை, நட்சத்திரம்தான்.

இந்தக் கடையில், ஏன் நம் ஊர் ஹார்ட்வேர் கடைகள் பலவற்றிலும், அளவு எழுதும்போது பெருக்கல் குறிக்குப் பதிலாக நட்சத்திரம்தான் போடுவோம். ப்ளைவுட் 8*4, ஆங்கிள் 50*50*6, போல்ட் M10*50. விசைப்பலகையில் பெருக்கல் குறி கிடையாது, நட்சத்திரம் இருக்கிறது. `போல்ட் M10*50` என்றால் 10 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். எக்செல் அதை "போல்ட் M10 என்று தொடங்கி, 50 என்று முடியும் எல்லாம்" என்று படிக்கிறது. அப்படித் தொடங்கி அப்படி முடியும் இன்னொரு பொருள் கடையில் இருக்கிறது: `போல்ட் M10*150`. இந்த ஒப்பீடு கட்டத்தின் முழு எழுத்தையும் முதலிலிருந்து கடைசிவரை பொருத்திப் பார்க்கும். அதனால் `M10*55`, `M10*500` போன்றவை மாட்டாது. மாட்டுவது 150 மட்டுமே. ஆகவே 14 பெட்டி இருந்த M10*50 17 ஆனது, கூடியது M10*150-இன் 3 பெட்டி. இதே மாதிரி 11 பெட்டி இருந்த M12*50, M12*150-இன் 5 பெட்டியையும் சேர்த்துக்கொண்டு 16 ஆனது. 12 பெட்டி இருந்த M8*20, M8*120-இன் 2 பெட்டியோடு 14 ஆனது.

இந்த வகைத் தவறுதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது. 2 என்பது 22 ஆனால் யாரும் பார்த்துவிடுவார்கள். 14 என்பது 17 ஆனால் கடைக்கார அண்ணன்கூடக் கவனிக்கவில்லை. கூடவே, எதிர்த்திசையில் ஒன்றும் தெரியாது. `M10*150`-இன் வரியில் 3 என்று சரியாகவே இருக்கும். 150 என்று முடிவதால் 50 நீளம் அதில் மாட்டாது. ஒரு வரி சரி, அதன் அண்டை வரி தவறு. சோதிக்க நீங்கள் எடுத்த வரி 150-ஆக இருந்தால் "சூத்திரம் நன்றாக இருக்கிறது" என்று நம்பிவிடுவீர்கள்.

மிச்சமிருக்கும் 33 பெட்டியும் இரண்டே வரிகளில் இருந்தது. விலை ஏறும்போது பழைய விலைக்கு வாங்கிய சரக்கைத் தனியாகக் காட்ட, பெயரின் கடைசியில் ஒரு நட்சத்திரம் போடுவது இந்தக் கடையின் பழக்கம். கடைசியில் நட்சத்திரம் வந்தால் எக்செலுக்கு அது "இப்படித் தொடங்கும் எல்லாமே" என்ற பொருள்.

```
வாஷர் M10*           இருப்பு 4     காட்டியது 23
வாஷர் M10            இருப்பு 13    காட்டியது 13
வாஷர் M10 ஸ்பிரிங்     இருப்பு 6     காட்டியது 6
நட் M12*             இருப்பு 3     காட்டியது 17
நட் M12              இருப்பு 9     காட்டியது 9
நட் M12 லாக்          இருப்பு 5     காட்டியது 5
```

வாஷரில் 19, நட்டில் 14. போல்ட் மூன்றிலும் சேர்த்து 10, அழிந்த லேபிளில் 20. மொத்தம் 63. ஒரு பெட்டிகூட விட்டுப்போகாமல் கணக்கு வந்தது.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறான முயற்சியையும் சொல்ல வேண்டும், இதைப் பலரும் தீர்வு என்று நினைப்பதால். "சமம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எக்செல் அப்படியே ஒப்பிடும் என்று நினைத்து இப்படி எழுதினேன்:

```
=COUNTIF(Box!A$2:A$639,"="&A2)
```

ஒரு எண்ணும் மாறவில்லை. முன்னால் சமக்குறி வைத்தாலும் பின்னால் வரும் எழுத்து நிபந்தனையாகவே படிக்கப்படுகிறது, குறிகள் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

தம்பியின் முயற்சி இதைவிட ஆபத்தானது. "அண்ணா, நட்சத்திரத்தையெல்லாம் x-னு மாத்திட்டா முடிஞ்சது" என்று Ctrl+H அழுத்தி, தேட வேண்டிய இடத்தில் `*`, மாற்ற வேண்டிய இடத்தில் `x` என்று கொடுத்து எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். 638 கட்டமும் வெறும் `x` ஆகிவிட்டது. எக்செலின் தேடி மாற்றும் பெட்டியிலும் இதே விதி உண்டு. நட்சத்திரம் என்றால் கட்டத்தில் உள்ள முழு எழுத்தும். Ctrl+Z அழுத்தி உடனே மீட்டோம். அங்கே `~*` என்று கொடுத்திருக்க வேண்டும். சேமித்து மூடியிருந்தால் ஒருநாள் வேலை போயிருக்கும்.

சரியான தீர்வுக்கு இரண்டு வழி. முதல் வழி, பெயரில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் முன்னால் `~` சேர்த்து, பிறகு எண்ணுவது:

```
=COUNTIF(Box!A$2:A$639,
 SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(A2,
 "~","~~"),"*","~*"),"?","~?"))
```

இதில் வரிசை முக்கியம். உள்ளே இருக்கும் முதல் மாற்றம் `~` குறிக்கானதாகவே இருக்க வேண்டும். அதைக் கடைசியில் வைத்தால், நட்சத்திரத்துக்கு முன்னால் இப்போதுதான் சேர்த்த `~` குறியும் இரட்டிப்பாகி `~~*` என்று ஆகிவிடும். அதற்கு அர்த்தம் "ஒரு நிஜமான ~ குறி, அதன் பின் எது வேண்டுமானாலும்". அப்படி ஒரு பெயரும் கடையில் இல்லாததால் எண்ணிக்கை 0 வரும். கூடுதல் எண்ணிக்கையைச் சரிசெய்யப் போய், இருக்கும் சரக்கையே இல்லை என்று சொல்ல வைத்துவிடுவோம்.

இரண்டாவது வழி, நிபந்தனை என்ற பேச்சே இல்லாமல் நேராக ஒப்பிடுவது:

```
=SUMPRODUCT(--(Box!A$2:A$639=A2))
```

இங்கே இரண்டு கட்டங்களையும் சமக்குறி நேரடியாக ஒப்பிடுகிறது. சமக்குறிக்கு நட்சத்திரமும் தெரியாது, கேள்விக்குறியும் தெரியாது, அவை வெறும் எழுத்துகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆம், இல்லை என்று வரும் விடையை முன்னால் உள்ள இரட்டைக் கழித்தல் குறி 1, 0 என்று மாற்றுகிறது, அவற்றைக் கூட்டினால் எண்ணிக்கை. நான் இதைத்தான் வைத்துக்கொண்டேன். நாளை என் இடத்துக்கு வேறொருவர் வந்தாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம். மூன்று அடுக்கு `SUBSTITUTE`-ஐ யாரும் படிக்க மாட்டார்கள், பயந்து தொடாமல் விடுவார்கள். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. `Box` தாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் `#N/A` போன்ற பிழை இருந்தால், எண்ணிக்கை முழுவதும் பிழையாகிவிடும். `COUNTIF` அப்படிப்பட்ட கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். பல ஆயிரம் வரியுள்ள தாளில் `SUMPRODUCT` மெதுவாகவும் ஓடும், அங்கே முதல் வழியே மேல். இரண்டு வழியிலுமே ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. `m10`-உம் `M10`-உம் ஒன்றாகவே எண்ணப்படும்.

இருப்பு எண்ணிக்கை சரியானதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மதிப்புப் போடும் நெடுவரிசையைப் பார்த்தபோதுதான் அதே நோய் அங்கேயும் இருப்பது தெரிந்தது. விலையை `Rate` தாளிலிருந்து இப்படி எடுத்திருந்தேன்:

```
=VLOOKUP(A2,Rate!A:B,2,FALSE)
```

கடைசியில் `FALSE` போட்டால் அப்படியே பொருந்தும் பெயரைத்தான் எடுக்கும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. எழுத்தைத் தேடும்போது `FALSE` போட்டாலும் நட்சத்திரமும் கேள்விக்குறியும் வேலை செய்யும். பொருந்தும் முதல் வரியோடு அது நின்றுவிடும். `Rate` தாள் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தது. எழுத்து வரிசையில் 1, 5-க்கு முன்னால் வருவதால் `போல்ட் M10*150` மேலே இருக்கும், `போல்ட் M10*50` கீழே இருக்கும். ஆகவே 50 மி.மீ. போல்ட்டுக்கு எப்போதும் 150 மி.மீ. போல்ட்டின் விலையே வந்துகொண்டிருந்தது. பட்டியலை ஒழுங்காக அடுக்கி வைத்ததே இதை உறுதி செய்துவிட்டது.

அந்த ஒரு வரியை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பெட்டிக்கு 100 போல்ட். சரியான மதிப்பு 14 பெட்டி, 1,400 போல்ட், ஒன்று 11 ரூபாய், ஆக 15,400 ரூபாய். தாளில் இருந்தது 17 பெட்டி, 1,700 போல்ட், ஒன்று 31 ரூபாய், ஆக 52,700 ரூபாய். ஒரே பொருளில் 37,300 ரூபாய் கூடுதல். இறுதி இருப்பு அதிகமாகக் காட்டப்பட்டால் அந்த வருட லாபமும் அதே அளவு அதிகமாகத் தெரியும், இல்லாத லாபத்துக்கு வரி கட்ட வேண்டி வரும். கடைக்கார அண்ணன் இதைக் கேட்டதும் ஒன்றும் பேசவில்லை. போன வருடத்துக் கோப்பையும் திறக்கச் சொன்னார்.

விலைக்கு நான் இப்போது `XLOOKUP` பயன்படுத்துகிறேன். நாமாகக் கேட்டால் ஒழிய அது இந்தக் குறிகளுக்குத் தனி அர்த்தம் கொடுக்காது. பழைய எக்செல் வைத்திருப்பவர்கள் `VLOOKUP`-இன் முதல் இடத்தில் மேலே சொன்ன அதே மூன்று `SUBSTITUTE`-ஐப் போடலாம். `COUNTIFS`, `SUMIF`, `SUMIFS`, கடைசியில் 0 போட்ட `MATCH` எல்லாவற்றுக்கும் இதே நோய், இதே மருந்து. கூகுள் ஷீட்ஸின் `COUNTIF`-உம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

போன வருடக் கோப்பில் மொத்தக் கூட்டல் சரியாகவே இருந்தது. அதனால் அங்கே தவறில்லை என்று சொல்லத் தயாரானேன். ஆனால் ஒவ்வொரு வரியையும் `SUMPRODUCT` விடையோடு கழித்துப் பார்த்தபோது M10*50-இல் 4 பெட்டி வேறுபாடு இருந்தது. காரணம் இதுதான்: அந்த வருடப் பொருள் பட்டியலில் M10*150-ஐச் சேர்க்கவே மறந்திருந்தேன். அதன் 4 பெட்டிகள் M10*50-இன் கணக்கில் போய் உட்கார்ந்து, விட்டுப்போன இடத்தை நிரப்பிவிட்டன. கூட்டல் பொருந்தியது, உள்ளே இரண்டு தவறு. ஆகவே மொத்தக் கூட்டல் பொருந்தவில்லை என்றால் தவறு நிச்சயம், பொருந்தினால் தவறு இல்லை என்று சொல்ல முடியாது. வரிவாரியாகக் கழித்துப் பார்ப்பதுதான் நம்பக்கூடிய சோதனை.

எந்தப் பெயர்களில் இந்தக் குறிகள் இருக்கின்றன என்று தேடும்போதும் ஒரு கவனம் வேண்டும். `SEARCH` இந்தக் குறிகளைத் தனி அர்த்தத்தில்தான் படிக்கும், அதனால் எல்லாப் பெயரிலும் நட்சத்திரம் இருப்பதாகச் சொல்லும். `FIND` அப்படிச் செய்யாது:

```
=ISNUMBER(FIND("*",A2))
```

தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. கேள்விக்குறி ஒரு எழுத்தைப் பிடிக்கும் என்றேன். நம் கண்ணுக்கு "ர்" ஒரு எழுத்து. எக்செலுக்கு அது "ர", அதன்மேல் புள்ளி என்று இரண்டு. `LEN("ர்")` போட்டால் 2 வரும். அதனால் அழிந்த லேபிளை `வாஷ?` என்று எழுதியிருந்தால், `வாஷர்` அதில் மாட்டாது. எண்ணிக்கை தற்செயலாகச் சரியாக வந்து, சூத்திரம் நல்லது என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடும். `M1?` என்று இலக்கத்தின் இடத்தில் குறி இருந்ததால்தான் எங்கள் தவறு வெளியே வந்தது.

பெயர்களையே மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். பழைய விலைச் சரக்குக்கு நட்சத்திரம் போடும் பழக்கத்தை அன்றே நிறுத்தினோம், இப்போது பெயரின் கடைசியில் `பழை` என்று எழுதுகிறோம். அளவில் உள்ள நட்சத்திரத்தை மாற்றவில்லை. கொள்முதல் பில்லில் அப்படித்தான் வருகிறது, பில்லிங் மென்பொருளிலும் அப்படித்தான் இருக்கிறது. இங்கே மட்டும் `x` என்று மாற்றினால் இரண்டையும் ஒப்பிடும்போது ஒன்றுமே பொருந்தாது.

அந்த இரண்டு அழிந்த லேபிள் பெட்டிகள் மிச்சம். தம்பி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நட்டை எடுத்து, அளவு தெரிந்த போல்ட்களில் திருகிப் பார்த்தார். ஒன்று M12, இன்னொன்று M16. `Box` தாளில் இரண்டு வரிகளையும் திருத்தினோம். M12 நட் 10 ஆனது, M16 நட் 5 ஆனது. `நட் M1?` என்ற வரியைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். 83 பொருள், 638 பெட்டி.